ஏற்காடு காட்டேஜுக்குக் கட்டிய பணம்: உங்கள் வருமானமா, அவர் தர வேண்டிய பாக்கியா?

கேள்வி: சேலத்தில் கட்டட வடிவமைப்பாளராக இருக்கிறேன். அண்ணன் தம்பி மாதிரிப் பழகிய ஒருவருக்கு ஏற்காட்டில் காட்டேஜ் கட்ட அனுமதி வாங்கிக் கொடுத்தேன். "நீங்க கட்டிடுங்க, சேர்த்துத் தர்றேன்" என்று வாட்ஸ்ஆப்பில் சொன்னதால் அரசுக் கட்டணம் 1,85,000 ரூபாயை நானே கட்டினேன் (20.9.2023-இல் 60,000, 12.3.2024-இல் 1,25,000, ரசீது அவர் பெயரில்). மண் பரிசோதனைக்கு 42,000 (பில் என் ஃபர்ம் பெயரில்), கார், தங்கல் 23,000. ரசீதில்லாமல் ஓரிடத்தில் கொடுத்த 15,000 தனி. 30.6.2024 தேதியிட்ட பில்லில் 'ஃபீஸ் 2,00,000, செலவுகள் 2,50,000' என்று போட்டேன். ஃபீஸை ஜிஎஸ்டியோடு கொடுத்தவர், "செலவெல்லாம் ஃபீஸில் அடக்கம்" என்கிறார். ஜிஎஸ்டி அலுவலகமோ அந்த இரண்டரை லட்சத்துக்கும் 45,000 வரி கேட்கிறது. ஒரு பைசா லாபம் வைக்கவில்லையே! வழக்குப் போட 2027 ஜூன் வரை நேரம் இருக்கிறதல்லவா?

பதில்: அவர் எப்படிப் பழகினார் என்பதை விட்டுவிடுங்கள், நீதிமன்றம் அதைக் கேட்காது. லாபம் வைக்கவில்லை என்பதும் தனியாக நின்று உதவாது. அந்தப் பணத்தைக் கட்டும் கடமை யாருடையது என்பதுதான் கேள்வி. அவருடைய கடனை, அவர் சொல்லி, நீங்கள் அடைத்திருந்தால் அது வரவேண்டிய பாக்கி. உங்கள் வேலையை முடிக்க நீங்கள் செய்த செலவென்றால், அசல் விலைக்கே திருப்பிக் கேட்டாலும் அது உங்கள் வருமானம்தான்.

அரசுக் கட்டணம் 1,85,000 சந்தேகமில்லாமல் முதல் வகை. அந்த வாட்ஸ்ஆப் செய்தியை அழித்துவிடாதீர்கள், உங்கள் வழக்கே அதில்தான் நிற்கிறது. கார், தங்கல் இரண்டாம் வகை. மண் பரிசோதனையில்தான் சிக்கல். லேப் பில் உங்கள் ஃபர்ம் பெயரில் இருக்கிறது. அதிலுள்ள ஜிஎஸ்டியை, நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்து, உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொண்டீர்களா என்று ஆடிட்டரிடம் கேளுங்கள். எடுத்திருந்தால் 'இது என் கொள்முதல்' என்று நீங்களே கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள், பிறகு மாற்றிப் பேச முடியாது.

ஆக, அப்படி எடுத்திருந்தால், வரி கட்ட வேண்டியது 65,000-க்கு, 18 சதவீதம் வீதம் 11,700. அதை வட்டியோடு கட்டிவிட்டு மீதிக்குப் போராடுங்கள். ஜிஎஸ்டி விதி 33, அவர் சார்பில் கட்டியதை பில்லில் தனியாகக் காட்டச் சொல்கிறது. நீங்கள் எல்லாவற்றையும் 'செலவுகள்' என்று ஒரே வரியில் கொட்டியிருக்கிறீர்கள். ரசீதும் செய்தியும் இருப்பதால் வாதாடலாம், ஆனால் எளிதாக இருக்காது.

இதைவிடப் பெரிய ஆபத்து 2027 ஜூன் என்ற உங்கள் கணக்கு. என்னிடம் வந்தவர்கள் பணத்தை இழந்தது பெரும்பாலும் இங்கேதான். ஒருவருக்காகக் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்க, காலவரையறைச் சட்ட அட்டவணையின் 23-ஆம் கூறு தரும் மூன்று ஆண்டு, பில் போட்ட நாளிலிருந்து ஓடுவதில்லை, பணம் கட்டிய நாளிலிருந்து ஓடுகிறது. ஒவ்வொரு தொகைக்கும் தனித்தனியாக. உங்கள் 60,000-க்கு 20.9.2026 கடைசி. 1,25,000-க்கு 12.3.2027. 'பில் வந்த பிறகு தருவதாக ஒப்பந்தம், அதை மீறிய நாளிலிருந்துதான் காலம்' என்று வாதிடலாம்தான், ஆனால் அந்த வாதம் கையில் இருக்கட்டும், அதை நம்பி உட்காராதீர்கள்.

வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் காலம் நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நிற்காது. ஃபீஸ் வந்துவிட்டதே என்பதும் உதவாது, அது வேறு கடன். அவர் "பார்க்கலாம்" என்று சொல்வது ஒப்புதல் ஆகாது. காலம் முடிவதற்கு முன்பே, 'இவ்வளவு பாக்கி' என்று அவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும், அன்றிலிருந்துதான் புதிதாக மூன்று ஆண்டு.

அந்த 15,000-ஐ வழக்கில் ஒரு வரிகூட எழுதாதீர்கள். கேட்டாலும் கிடைக்காது, கொடுத்தவரும் குற்றவாளி என்பதை நீங்களே எழுதிக்கொடுத்ததாகிவிடும்.

வழக்கை விடச் சமரசமே மேல் என்பேன். இன்னொரு காரணமும் உண்டு. அரசுக் கட்டணத்தை நீங்கள் வருமானமாகக் காட்டவே இல்லை. அதனால் அது வராமல் போனால், ஃபீஸ் பாக்கியைப் போல வாராக்கடன் என்று எழுதி வருமான வரியில் கழித்துவிட முடியாது. வியாபார நஷ்டம் என்று வேறு வழியில் வாதாட வேண்டும். முதல் வேலையாக, ஆடிட்டர் அதை லாப நட்டக் கணக்கில் செலவாக எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். எழுதியிருந்தால் அது பாக்கி என்ற உங்கள் வாதமே ஆட்டம் காணும்.

கார், தங்கலை விட்டுக்கொடுங்கள். லேப் பில்லில் பாதி வந்தாலும் சரி. 1,85,000-இல் மட்டும் இறங்காதீர்கள். தொகை முடிவானதும், 'எல்லாக் கணக்கும் தீர்ந்தது, இரண்டு லட்சம்' என்று மொத்தமாக எழுதி வாங்கினால் அது கூடுதல் ஃபீஸ் போலத் தெரியும், மறுபடி வரி கேட்பார்கள். 'ரசீது எண் இன்னது, தேதி இன்னது, என் சார்பில் கட்டிய அரசுக் கட்டணம் 1,85,000 திருப்பித் தரப்பட்டது' என்று தனி வரியாக அவர் கையெழுத்தோடு வாங்குங்கள். செப்டம்பர் முதல் வாரத்துக்குள் அந்தத் தாள் கைக்கு வராவிட்டால் சேலம் நீதிமன்றத்தில் வழக்கைத் தாக்கல் செய்துவிடுங்கள், பேச்சு அதன் பிறகும் நடக்கட்டும்.