சின்ன கஃபேயில் நவராத்திரிக்கு ஜன்னல், மேஜை, விளக்கு: எதில் தொடங்குவது?

கேள்வி: சென்னையில் ஆறு மேஜை போட்ட சின்ன கஃபே வைத்திருக்கிறேன். தெருவைப் பார்த்த கண்ணாடி ஜன்னல் 5 அடி அகலம், உள்ளே 2 அடி ஆழம் இருக்கும். நவராத்திரி சமயத்தில் ஒரு இரண்டு வாரம் கடையைப் புதிதாகக் காட்ட வேண்டும், செலவு அதிகம் கூடாது. ஜன்னல், மேஜை, லைட் எல்லாம் எப்படிச் செய்யலாம்?

பதில்:

கடைகளுக்கு ஜன்னல் அலங்காரம் செய்துகொடுப்பதுதான் என் வேலை. கையில் இருக்கும் பணத்தில் பாதியை லைட்டுக்கு ஒதுக்கிவிடுங்கள். மீதியில் பொம்மை, துணி, பூ எல்லாம் அடங்கிவிடும். பெரும்பாலானவர்கள் பொம்மைக்குச் செலவழித்துவிட்டு, கடைசியில் ஒரு சீரியல் செட்டை வாங்கி ஜன்னலைச் சுற்றித் தொங்கவிடுகிறார்கள். தெருவில் போகிறவருக்குச் சீரியல் பல்பு மட்டும்தான் தெரியும், பொம்மை முகம் இருட்டிலேயே கிடக்கும்.

முதலில் கொலுப்படி. 2 அடி ஆழத்தில் மூன்று படிக்கு மேல் போகாதீர்கள். ஒவ்வொரு படியும் 7 அங்குல அகலம், 6 அங்குல உயரம் இருந்தால் போதும். ஆனால் முதல் படியைத் தரையிலிருந்து தொடங்காமல், 2 அடி உயரத்துக்கு ஒரு மேஜையோ பெட்டியோ போட்டு அதன் மேல் தொடங்குங்கள். அப்போது மேல்படி மூன்றரை அடியில் வரும், அதன் மேல் ஓர் அடிக்குச் சற்று அதிகமான பொம்மை வைத்தால் நடந்துபோகிறவரின் கண்ணுக்கு நேராக இருக்கும். வீட்டில் கீழே உட்கார்ந்து பார்ப்பார்கள், அதனால் கொலு தரையிலிருந்து எழும்பலாம். தெருவில் யாரும் குனிந்து பார்க்க மாட்டார்கள்.

படிக்கும் பின்புறத்துக்கும் வெளுக்காத காடா துணி போடுங்கள். நிறையப் பேர் மெரூன் பட்டு மாதிரி அடர்ந்த நிறத்தைத்தான் கேட்பார்கள். ராத்திரி அது அழகாகத்தான் இருக்கும். ஆனால் பகலில் அடர்ந்த நிறத்துக்கு முன்னால் இருக்கும் கண்ணாடி முழுக்க முழுக்க நிலைக்கண்ணாடிதான்: எதிர்க்கடை போர்டு, ஆட்டோ, உங்கள் முகம் எல்லாம் தெரியும், பொம்மை தெரியாது. வெயில் வெளிச்சத்தோடு எந்தப் பல்பும் போட்டி போட முடியாது. பின்புறம் வெளிர் நிறமாக இருந்தால் அந்தப் பிரதிபலிப்பு அமுங்கிப்போகும். மதியம் பன்னிரண்டு மணிக்கு எதிர்ச்சாரியில் நின்று பாருங்கள், வித்தியாசம் உடனே புரியும். பின்துணியை மேல் பொம்மையின் தலைக்குச் சற்று மேலே வரைக்கும் நிறுத்திவிடுங்கள். கூரைவரை மூடினால் உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் கடை பூட்டிக் கிடப்பதுபோல ஆகிவிடும்.

இப்போது லைட். ஜன்னலுக்கு உள்ளே, கண்ணாடியை ஒட்டி மேல் கூரையில் நான்கு ஸ்பாட் லைட், ஒவ்வொன்றும் 7 வாட் போதும். அவை கடையின் உட்பக்கம் பார்த்து, பொம்மைகளின் முகத்தில் சாய்வாக விழ வேண்டும். பின்சுவரில் மாட்டினால் முகம் கறுத்து உருவம் மட்டும்தான் தெரியும். வாங்கும்போது அட்டைப் பெட்டியில் 3000 கெல்வின் என்றும், சிஆர்ஐ 90 அல்லது அதற்கு மேல் என்றும் போட்டிருக்கிறதா பாருங்கள். முதலாவது வெளிச்சத்தின் இதம், இரண்டாவது நிறம் எவ்வளவு உண்மையாகத் தெரியும் என்பது. சிஆர்ஐ குறைந்த லைட்டில் குங்குமச் சிவப்பு செங்கல் நிறமாகிவிடும். மண் பொம்மையின் அழகே அந்தச் சிவப்பிலும் மஞ்சளிலும்தான் இருக்கிறது, அதை இழக்கக் கூடாது. அப்புறம், சாயங்காலம் ஜன்னல் ஓரத்தில் இருக்கும் வெள்ளை டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். அது எரியும்வரை ஸ்பாட் லைட் எல்லாம் அழுக்கு மஞ்சளாகத்தான் தெரியும்.

ஏசி இருந்தால் இதையும் பாருங்கள். காற்று நேராகக் கண்ணாடியில் அடித்தால் கண்ணாடி குளிர்ந்து, மழைக்காலப் புழுக்கத்தில் வெளிப்பக்கம் பனி மாதிரி படியும். உள்ளேயிருந்து துடைத்தால் போகாது. ஏசியின் இதழைத் திருப்பிவிட்டாலே சரியாகிவிடும்.

பொம்மை அதிகம் வேண்டாம். வண்டியில் போகிறவருக்கு உங்கள் ஜன்னல் இரண்டு மூன்று விநாடிதான். மேல்படியில் கலசமும் இரண்டு பக்கமும் பெரிய பொம்மையும், நடுப்படியில் ஒரே ஒரு செட், கீழ்ப்படியில் செட்டியார் கடை. மதுரை விளாச்சேரியிலோ காஞ்சிபுரத்திலோ செய்த மண் பொம்மை ஒரு செட் நல்லதாக வாங்கினால் பல வருஷம் வரும். செட்டியார் கடையை மட்டும் உங்கள் கஃபேயாக்கிவிடுங்கள்: அரிசி பருப்புக்குப் பக்கத்தில் ஒரு சொப்பு டவரா டம்ளர், குட்டிக் கிண்ணத்தில் வறுத்த காப்பிக்கொட்டை. குழந்தைகள் முதலில் கண்டுபிடிப்பது அதைத்தான். ஓரத்தில் ஒரு தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையை ஃபேன் காற்று லேசாகப் படும் இடத்தில் வையுங்கள். அசையாத பொருள்கள் நடுவே ஒன்று மட்டும் அசைந்தால் கண் தானாக அங்கே போகும்.

மகாளய அமாவாசையன்று படி கட்டினால் விஜயதசமிவரை பொம்மைகளை இடம் மாற்றக் கூடாது என்பது வழக்கம். வருகிறவர்களில் பலர் அதைக் கவனிப்பார்கள். அதனால் தினமும் மாறுவது படிக்கு முன்னால் இருக்கட்டும்: தரையில் ஒரு சின்னக் கோலம், புதுப் பூ, சிலேட்டில் அன்றைய சுண்டல் பெயர். சுண்டலை வாழை மட்டைத் தொன்னையில் காப்பியோடு கொடுங்கள்.

மேஜைக்கு ரொம்ப மெனக்கெட வேண்டாம். இரண்டடி மேஜையில் இரண்டு டம்ளரும் ஒரு தட்டும் வைத்தாலே நிறைந்துவிடும். கோரைப்பாயை வெட்டி ஓரத்தில் துணி வைத்துத் தைத்தால் அழகான விரிப்பு (தைக்காவிட்டால் இரண்டு நாளில் கோரை பிரிந்துவிடும்). காப்பி சிந்தினால் துடைத்து, ராத்திரி ஃபேனடியில் காயவையுங்கள், ஈரத்தோடு அடுக்கினால் பூஞ்சணம் பிடிக்கும். பூவுக்குச் சின்னப் பித்தளைச் செம்பில் காம்போடு சாமந்தி இரண்டு. தண்ணீருக்குள் போகும் இலைகளைக் கிள்ளிவிட்டு, தினமும் தண்ணீர் மாற்றினால் நான்கைந்து நாள் தாங்கும். மல்லிகையும் ஊதுபத்தியும் மேஜைப் பக்கம் வேண்டாம், காப்பி மணத்தை அவை விழுங்கிவிடும். நெருப்பு விளக்கும் மேஜையில் வேண்டவே வேண்டாம். இந்த நாள்களில் பட்டுப் புடவை முந்தானையோடுதான் பாதிப் பேர் வருவார்கள். கல்லாவில் கண்ணாடிக் கூண்டு போட்ட ஒரு விளக்கு போதும்.

ஆயுத பூஜைக்கு காப்பி மெஷினுக்கும் அரவை மெஷினுக்கும் சந்தனம், குங்குமம் வைப்பீர்கள். உடம்பில் வையுங்கள், நீராவிக் குழாய்க்கும் கொட்டை போடும் வாய்க்கும் பக்கத்தில் வேண்டாம். காய்ந்த சந்தனம் உதிர்ந்து கோப்பையில் விழும். பூவை மட்டும் அதற்கு இரண்டு நாள் முன்பே வாங்கிவிடுங்கள், அன்றைக்கு விலை கைக்கு அடங்காது.

விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்கவைத்துவிட்டு, மறுநாள் எடுக்கும்போது ஒவ்வொன்றையும் பழைய வேட்டித் துணியில் சுற்றுங்கள். செய்தித்தாளை நேராகச் சுற்றினால் மை ஒட்டலாம். ஸ்பாட் லைட்டையும் படியையும் கழற்றாதீர்கள். இன்னும் சுமார் 20 நாளில் தீபாவளி, அதே படியில் துணியை மட்டும் மாற்றி இனிப்புப் பெட்டிகளை அடுக்கிவிடலாம்.