வீட்டுப்பாடத்துக்கு முன்னால் நாற்பது நிமிடம்

"மகன் மூன்றாம் வகுப்பு. பள்ளி வேன் நாலரைக்கு வருகிறது. வீட்டுப்பாடம் முடியவே ஏழரை ஆகிறது. செவ்வாய், வியாழன் ஹிந்தி டியூஷன் வேறு. தினமும் எவ்வளவு நேரம் ஓடியாட வேண்டும், அதற்கு நேரம் எங்கே?"

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 5 முதல் 17 வயது வரையுள்ளவர்களுக்கு வாரச் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடம் தேவை. சராசரி என்பதால் டியூஷன் நாளில் குறைவதை ஞாயிற்றுக்கிழமை ஈடுகட்டலாம். ஒரே மூச்சில் செய்ய வேண்டியதுமில்லை. ஆனால் மூச்சு வாங்கும் அளவுக்கு உடல் அசைய வேண்டும்: பேச முடிந்து, பாட முடியாமல் போனால் அது நடுத்தர வேகம், இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் கடுமையானது. கடுமையான ஓட்டமும், எலும்புக்கும் தசைக்கும் வலுவூட்டும் நொண்டி, ஸ்கிப்பிங், ஏறித் தொங்குதல் போன்றவையும் வாரத்தில் மூன்று நாளாவது இருக்க வேண்டும்.

உங்கள் மகனுக்கு வாரம் 420 நிமிடம் வேண்டும். மதிய இடைவேளையில் தினமும் 10 நிமிடம் ஓடினால் 50. உடற்பயிற்சிப் பாடவேளைகள் இரண்டு இருந்தால், வரிசையில் நிற்கும் நேரத்தைக் கழித்துத் தலா 20 நிமிடம் மட்டும் கணக்கில் எடுங்கள். திங்கள், புதன், வெள்ளியில் தெருவிலோ மொட்டை மாடியிலோ 40 நிமிடம் ஓடிப்பிடித்து விளையாடினால் 120. மொட்டை மாடியானால் கைப்பிடிச் சுவர் உயரமாகவும் பெரியவர் ஒருவர் உடனும் இருக்க வேண்டும். டியூஷன் நாள்களில் கிளம்புமுன் 15 நிமிட ஸ்கிப்பிங் 30 சேர்க்கும். மீதி 180, சனி ஞாயிறு இரண்டிலும் ஒன்றரை மணி நேரமாக வந்துவிடும்.

விளையாட்டை வீட்டுப்பாடத்துக்குப் பின்னால் வைக்காதீர்கள் என்பதே நான் அழுத்திச் சொல்வது. ஏழரைக்கு வெளியே இருட்டிவிடும், தோழர்களும் வீடு திரும்பியிருப்பார்கள். அந்த நாளின் விளையாட்டு அப்படியே நழுவும். வேனிலிருந்து இறங்கியதும் ஒரு வாழைப்பழமும் தண்ணீரும் கொடுத்து, சீருடையை மாற்றி, 4.45க்கு அனுப்பினால் 5.30க்கு முகம் கழுவி உட்காரலாம். பகல் முழுவதும் பெஞ்சில் இருந்த குழந்தையை உடனே மறுபடி உட்கார வைத்தால், ஒரு கணக்குக்கு நான்கு முறை எழுந்திருப்பான். வீட்டுப்பாடம் நீள்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்படியும் இரண்டு மணி நேரம் பிடித்தால், வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். மத்திய கல்வி அமைச்சகத்தின் 2020ஆம் ஆண்டுப் பள்ளிப் பை கொள்கை, 3 முதல் 5ஆம் வகுப்பு வரை வாரத்துக்கே அதிகபட்சம் இரண்டு மணி நேர வீட்டுப்பாடம்தான் தரலாம் என்கிறது. விட்டுப்போன விளையாட்டைத் தூக்கத்திலிருந்து பிடுங்க வேண்டாம். இந்த வயதுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை.

ஓடி நின்றபின் இருமலோ வீசிங்கோ அடிக்கடி வந்தால், மார்பு வலித்தால், ஓட்டத்தின்போது மயங்கினால் ஓட்டத்தை நிறுத்திவிட்டுக் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். மயக்கமென்றால் அன்றே போக வேண்டும்.