மறை எண்களின் ஏறுவரிசை: எங்கே பிழை?

"ஹட்டனில் தரம் 8 படிக்கும் மகள் −0.7 < −3/4 < −1.2 < 1/2 என்று எழுதினாள். பிழை போட்டிருக்கிறார்கள். ஏன்?"

1/2 சரியான இடத்தில்தான் இருக்கிறது அக்கா. மறை எண்கள் மூன்றையும் குறியைப் பார்க்காமல் ஒழுங்குபடுத்தியிருக்கிறாள், அதுதான் பிழை.

முதலில் பின்னத்தைத் தசமமாக்கச் சொல்லுங்கள்: −3/4 = −0.75. பிறகு −2 முதல் 1 வரை எண்கோடு வரைந்து, ஒவ்வோர் அலகையும் பத்தாகப் பிரிக்கட்டும். பூச்சியத்திலிருந்து இடப்பக்கம் ஏழாவது கோடு −0.7. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் −0.75. பன்னிரண்டாவது கோடு −1.2. இடப்பக்கம் இருப்பதே சிறியது. நுவரெலியாவில் புல்லில் பனி உறையும் காலையில் −1.2 பாகைதான் −0.7ஐ விடக் குளிர். இனி இடமிருந்து வலமாக அப்படியே எழுதலாம்:

−1.2 < −3/4 < −0.7 < 1/2

விடையில் −0.75 என்று மாற்றாமல், கேள்வியில் கொடுத்தபடி −3/4 என்றே எழுதட்டும். இறங்குவரிசை கேட்டால் எண்களையும் திருப்ப வேண்டும், குறியையும் > ஆக்க வேண்டும். பிள்ளைகள் பெரும்பாலும் ஒன்றை மட்டும் மாற்றிவிடுவார்கள்.