கறந்த சூட்டுல லாக்டோமீட்டர் விடலாமா?

"கறந்த உடனே லாக்டோமீட்டர் விட்டா 25 தான் காட்டுது, சொட்டுத் தண்ணி கூட ஊத்தல, சொசைட்டில நம்ப மாட்டேங்கறாங்க. ஊர் பாலக்கோடு."

அண்ணா, சூடான பால் அடர்த்தி கம்மி, நுரையும் காத்தும் வேற இருக்கும், அதனால மீட்டர் ஆழமா முங்கும், சின்ன நம்பர் மேல, பெரிய நம்பர் கீழ இருக்கறதால ரீடிங் குறையும். 25ன்னா அடர்த்தி 1.025.

மீட்டர்ல 27 டிகிரின்னு போட்டிருந்தா, பால் 35 டிகிரில இருக்கும்போது டிகிரிக்கு சுமாரா 0.2 கூட்டுங்க, 26.6 வரும். அதவிட நுரை அடங்கி, பால் 27க்கு ஆறுனப்புறம் விடறதுதான் சரி. பாத்திரத்து ஓரத்துல ஒட்டாம நிக்கணும், பால்ல வளைவோட அடி தெரியாது, மேல்விளிம்ப கண்ணு மட்டத்துல பாருங்க.

ஆடை எடுத்தா ரீடிங் ஏறும், அப்புறம் தண்ணி ஊத்தி சரிக்கட்டிடலாம், அதனால கொழுப்பும் சேத்து பாக்கச் சொல்லுங்க.