பன்னிரண்டு மீட்டர் மனையில் ஐந்து கட்டடங்கள்

அன்புள்ள சார்,

கட்டடக்கலை இரண்டாமாண்டு படிக்கிறேன். மதுரை மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் 12க்கு 25 மீட்டர் மனை, தெற்கு பார்த்தது. நூலகம், 150 பேர் ஆடிட்டோரியம், கைவினைக் கூடம், கஃபே, பேஸ்மென்ட் பார்க்கிங், நடுவில் முற்றம் என்று நான்கு மாடி வைத்தேன். ரிவ்யூவில் "மனை தாங்காது" என்று மட்டும் சொன்னீர்கள். எதைக் குறைப்பது? பெயர் வேண்டாம் சார்.

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

அன்று நேரமில்லாமல் ஒரே வரியில் முடித்தது என் தப்பு.

முதலில் பேஸ்மென்ட். மூன்று மீட்டர் கீழே இறங்க, ஒன்றுக்கு எட்டு சரிவு வைத்தால் ரேம்ப் 24 மீட்டர் ஓடும். உங்கள் மனையே 25தான். கார் கீழே போய்ச் சேரும் இடத்தில் பின்சுவர் நிற்கிறது, திரும்ப முடியாது. பிளானில் ரேம்ப் அழகாக இருக்கிறது, ஏனென்றால் அதற்கு நீங்கள் உயரத்தையும் ஆழத்தையும் காட்டும் வெட்டுப் படமான செக்‌ஷன் வெட்டவே இல்லை.

அப்புறம் உயரம். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்ட முடியாது, உங்கள் நான்கு மாடி அங்கேயே நின்றுவிடுகிறது. ஆடிட்டோரியத்துக்கு ஐந்தாறு மீட்டர் உயரம் வேண்டும் என்பதால் அது ஒன்றே இரண்டு தளத்தை விழுங்கிவிடும். அதை விட்டுவிடுங்கள். (என் இரண்டாமாண்டு பிராஜெக்டில் ஹெலிபேட் இருந்தது, அதனால் உங்கள் வருத்தம் புரிகிறது.)

எனக்குப் பிடித்தது அந்த முற்றம்தான், ஆனால் மற்றதெல்லாம் சேர்ந்து அதைக் கிணறாக்கிவிட்டன. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் என்பதால் கட்டடத்தின் நடுப்பகுதிக்கு வெளிச்சம் அது வழியாகத்தான் வந்தாக வேண்டும். மதுரையில் டிசம்பர் நண்பகலில் சூரியன் உச்சியிலிருந்து ஏறக்குறைய 33 டிகிரி தெற்கே சாய்ந்து நிற்கும். முற்றத்தின் அகலம் 3 மீட்டர், தெருப்பக்கக் கட்டடம் 9 மீட்டர் என்று வைத்துக்கொண்டாலும் அதன் நிழல் கிட்டத்தட்ட ஆறு மீட்டர் விழும், வெயில் எதிர்ச்சுவரின் ஏறக்குறைய பாதியிலேயே நின்றுவிடும், தரைக்கு வராது. தெருப்பக்கத்தை ஒரே தளமாக, 4 மீட்டரோடு நிறுத்தினால் நிழல் இரண்டரை மீட்டர்தான். முற்றத்தை 5 மீட்டராக்குங்கள், டிசம்பரிலும் பாதித் தரையில் வெயில் அடிக்கும்.

கணக்கு இப்படி வருகிறது: முன்னால் 8 மீட்டர் கூடம், 5 மீட்டர் முற்றம், பின்னால் 10 மீட்டரில் இரண்டு தள நூலகம், கடைசியில் காற்றுக்கு 2 மீட்டர். கைவினைக் கூடம் முன்கூடத்துக்குள்ளேயே அடங்கிவிடும். மடிப்புக் கதவைத் திறந்தால் மாலையில் நாற்காலிகள் முற்றத்துக்கு வழியும், அறுபது எழுபது பேர் தாராளமாக உட்காரலாம், அந்தச் சந்துக்கு அதற்கு மேல் கூட்டம் வந்தால் வண்டியை எங்கே விடுவார்கள்? கஃபே வேண்டுமென்றால் தெரு முனையில் ஏற்கெனவே டீக்கடை இருக்கிறது, நான் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை ஷீட் எதுவும் வேண்டாம். தெருவிலிருந்து பின்சுவர் வரை, அந்த 33 டிகிரி கோடு போட்ட 1:50 செக்‌ஷன் ஒன்று மட்டும் கொண்டு வாருங்கள்.