வாடகைக்கு வர்றவங்ககிட்ட வேலை ப்ரூஃப் எப்படிக் கேக்குறது?

"சார், மடிப்பாக்கத்துல ஒரு டூ பெட்ரூம் வீடு, வாடகை 18,000, மெயின்டனன்ஸ் 2,000. போன தடவை இருந்தவர் நாலு மாச வாடகையை அட்வான்ஸ்ல கழிச்சுட்டுப் போய்ட்டார். இப்ப ஒன்பது பேர் கேக்குறாங்க. வேலை ப்ரூஃபும் ரெஃபரன்ஸும் கேக்கணும், ஆனா போலீஸ் விசாரணை மாதிரி இருக்கக்கூடாது. வாட்ஸாப்ல என்ன எழுதி அனுப்பலாம்?"

மொதல்ல ஒண்ணு, ஒன்பது பேருக்கும் ஒரே மெசேஜ்ல எல்லாத்தையும் கேட்டுடாதீங்க. எட்டு பேருக்கு நீங்க வீடு குடுக்கப் போறதில்ல, அப்புறம் எதுக்கு அவங்க ஆதாரும் சம்பள சிலிப்பும் உங்க போன்ல கிடக்கணும்? ரெண்டு தடவையா கேளுங்க. மொதல் மெசேஜ்ல ஒரு காகிதமும் கேக்க வேணாம், வெறும் கேள்விதான். வீடு வந்து பாத்து, அவங்களுக்கும் பிடிச்சு உங்களுக்கும் சரின்னு பட்ட ஒண்ணு ரெண்டு பேர்கிட்ட மட்டும் ரெண்டாவது மெசேஜ்.

மொதல் மெசேஜ் இப்படி இருக்கட்டும்:

"வணக்கம், வீடு பத்தி கேட்டதுக்கு நன்றி. வாடகையும் மெயின்டனன்ஸும் சேத்து மாசம் 20,000. எத்தனை பேர் தங்குவீங்க, எந்தத் தேதில வரணும், வேலையா சொந்தத் தொழிலா, கைக்கு வர்ற வருமானம் மாசம் 60,000க்கு மேல இருக்குமா (ஆமா, இல்லைன்னு சொன்னா போதும், தொகை வேணாம்) இதை மட்டும் சொல்லுங்க. டாக்குமெண்ட் எதுவும் இப்ப அனுப்ப வேணாம்."

அந்த 60,000 எதுக்குன்னா, வாடகை வருமானத்துல மூணுல ஒரு பங்குக்குள்ள இருந்தா இழுபறி வராதுன்னு ஒரு கணக்கு. சட்டமெல்லாம் இல்ல. வீட்ல ரெண்டு பேர் சம்பாதிச்சா சேத்தே பாக்கலாம். இப்படி எல்லைய நாமளே சொல்லிட்டா அவர் சம்பளம் எவ்வளவுன்னு நமக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்ல, கேக்குறதுக்கும் கூச்சம் இல்ல.

இப்ப ரெண்டாவது மெசேஜ், இதுதான் உங்க கேள்வி:

"வீடு உங்களுக்குப் பிடிச்சதுல சந்தோஷம். முடிவு பண்றதுக்கு முன்னாடி வர்ற எல்லார்கிட்டயும் நான் கேக்குறது மூணு. 1) வேலை பாக்குறதுக்கு ஒரு ஆதாரம்: ஆபீஸ் மெயில் ஐடில இருந்து எனக்கு ஒரு வரி மெயில், இல்ல ஹெச்ஆர் லெட்டர், இல்ல பேஸ்லிப். பேஸ்லிப்னா பான், பேங்க் அக்கவுண்ட், பிஎஃப் நம்பர், சம்பளத் தொகை எல்லாத்தையும் மறைச்சுடுங்க, பேரும் கம்பெனியும் மாசமும் தெரிஞ்சா போதும். 2) கடைசி ஆறு மாசம் வாடகை கட்டினது, நேர்ல வரும்போது உங்க போன்ல காட்டினா போதும், அனுப்ப வேணாம். 3) இப்ப இருக்கற வீட்டுக்கு முன்னாடி இருந்த வீட்டு ஓனர் நம்பர், அவர்கிட்ட சொல்லிட்டுக் குடுங்க. இப்போதைய ஓனருக்கோ உங்க ஆபீசுக்கோ உங்களைக் கேக்காம நான் பேச மாட்டேன். முடிவு ஆகலைன்னா நீங்க அனுப்பினதை அன்னிக்கே அழிச்சுடுறேன். இதுல எது குடுக்க சங்கடமா இருந்தாலும் சொல்லுங்க, வேற வழி பாக்கலாம்."

ஏன் பேஸ்லிப்ப கடைசில போட்டேன்னா, அத எடிட் பண்றது அஞ்சு நிமிஷ வேலை. ஆபீஸ் மெயில்ல இருந்து வர்ற ஒரு வரி அதவிட நம்பலாம், ஆனா @க்கு அப்புறம் வர்ற பேர எழுத்தெழுத்தா பாருங்க, கம்பெனி வெப்சைட்ல இருக்கறதும் இதுவும் ஒண்ணா இருக்கணும், ஒரு எழுத்து கூடக் குறைய இருந்தா மாட்டிக்குவீங்க. சில கம்பெனில சொந்த விஷயத்துக்கு ஆபீஸ் மெயில் தொடக்கூடாதுன்னு ரூல், அதுக்குத்தான் மத்த ரெண்டு. புதுசா வேலைல சேரப் போறவர்கிட்ட பேஸ்லிப்பே இருக்காது, ஆஃபர் லெட்டரோட மொதல் பக்கம் போதும். சொந்தக் கடைன்னா ஜிஎஸ்டி நம்பர் வாங்கி அந்த போர்ட்டல்ல போட்டாலே கடை பேர் வந்துடும். ஹெச்ஆருக்கு நீங்களா போன் பண்றது மட்டும் வேணாம், அங்க யாரும் பதில் சொல்லவும் மாட்டாங்க, அவர் வீடு தேடுறது ஆபீஸ் பூரா தெரியும்.

என்னைக் கேட்டா இந்த மூணுல உசத்தி ரெண்டாவதுதான். பேஸ்லிப் சொல்றது இவரால கட்ட முடியும்னு, ஜிபே ஹிஸ்டரி சொல்றது இவர் கட்டினார்னு. உங்க பழைய டெனன்ட்டுக்கும் சம்பளம் வந்திருக்கும்ல?

ரெஃபரன்ஸ்ல ஏன் முந்தின ஓனர்? போன வருஷம் நான் பாத்துக்கற வேளச்சேரி வீட்டுக்கு ஒருத்தர் வந்தார், அப்ப அவர் குடியிருந்த வீட்டு ஓனர் போன்ல தங்கமான மனுஷன்னு உருகுனார். எனக்கு என்னமோ உறுத்துச்சு, அதுக்கு முன்னாடி இருந்த வீட்டு ஓனர் நம்பரும் வாங்கிப் பேசினேன். அவர் ரொம்ப நிதானமா, "வாடகை 5ஆம் தேதின்னு பேச்சு, 25க்கு முன்னாடி வந்ததில்ல, காலி பண்ணும்போது கரண்ட் பில் ரெண்டு நின்னுச்சு"ன்னார். தங்கம்னு சொன்னவருக்கு இவர் எப்படா கிளம்புவார்னு இருந்திருக்கு, அவ்ளோதான். பழைய ஓனருக்கு அந்த மாதிரி எந்த லாபமும் இல்ல. அப்புறம் இப்போதைய ஓனர்கிட்ட காலி பண்றதா இன்னும் சொல்லியிருக்கவே மாட்டாங்க, நீங்க போன் பண்ணி அவருக்கு அங்கயும் சிக்கல் ஆக்கிடக் கூடாது.

போன்ல கேக்குறது நாலே நாலு: வாடகை எந்தத் தேதில வரும், பாக்கி ஏதாவது நின்னுச்சா, காலி பண்ண முன்கூட்டியே சொன்னாங்களா, திரும்ப வந்தா வீடு குடுப்பீங்களா. கடைசிக் கேள்விக்கு அவர் எவ்ளோ நேரம் யோசிக்கிறார்னு கவனிங்க. ஃப்ரெண்டையே ஓனர்னு பேச வைக்கிறவங்களும் உண்டு, அட்வான்ஸ் எவ்வளவு, எந்த மாடின்னு ரெண்டு பேர்கிட்டயும் தனித்தனியா கேட்டா ஒத்துப் போகுதா இல்லையான்னு தெரிஞ்சுடும். ஜாதி, மதம், கல்யாணம், வீட்டுக்கு யார் வர்றாங்க போறாங்க, இதெல்லாம் வாடகை வருமா வராதான்னு சொல்லாது, விட்டுடுங்க.

ஆதார் எங்கன்னு கேப்பீங்க. அது வீடு முடிவானப்புறம்தான். 2017 வாடகைச் சட்டப்படி, 2019ல நடைமுறைக்கு வந்தது, அக்ரிமெண்ட் எழுத்துல போட்டு tenancy.tn.gov.inல பதியணும், ஸ்டேஷன்ல குடுக்கிற விவரப் படிவமும் அப்பதான் வரும். அதுக்கு முன்னாடி ஆளை அடையாளம் தெரியணும்னா மாஸ்க்டு ஆதார் போதும்னு சொல்லுங்க, அதுல கடைசி நாலு நம்பர்தான் தெரியும், ஆதார் வெப்சைட்லயே டவுன்லோட் ஆகும். வர்றவர் உங்க பான் நம்பரும் கேப்பார், ஹெச்ஆர்ஏ க்ளெயிம் பண்ண வருஷ வாடகை ஒரு லட்சம் தாண்டினா அது வேணும், உங்க வாடகைக்குத் தாண்டும். நீங்க குடுக்கற பான் ப்ரோக்கர் க்ரூப்ல சுத்துனா உங்களுக்கு எப்படி இருக்குமோ அப்படித்தான் அவங்களுக்கும், அதனால ப்ரோக்கர் வழியா எந்தக் காகிதமும் வாங்காதீங்க, நேரா உங்களுக்கே வரட்டும்.

ரெண்டாவது மெசேஜ்ல அழிச்சுடுறேன்னு சொல்றீங்க, அதுல ஒரு விஷயம். வாட்ஸாப்ல வந்த போட்டோ தானா கேலரிக்குப் போகும், அந்த ஃபோல்டருக்கு பேக்கப் ஆன்ல இருந்தா அங்கிருந்து கூகுள் போட்டோஸ்லயும் ஏறிடும், சாட்ட அழிச்சாலும் அங்க உக்காந்திருக்கும். போட்டோஸ்ல அழிச்சாலும் அதோட குப்பைத்தொட்டில 60 நாள் கிடக்கும், அதையும் காலி பண்ணணும். இந்தத் தலைவலி வேணாம்னா வாட்ஸாப் செட்டிங்ஸ்ல மீடியா விசிபிலிட்டிய இப்பவே ஆஃப் பண்ணிட்டு மெசேஜ் அனுப்புங்க.

வீடு கிடைக்காதவங்களுக்கும் "வேற ஒருத்தருக்கு முடிவாயிடுச்சு, நீங்க அனுப்பினதை அழிச்சுட்டேன்"னு ஒரு வரி போட்டுடுங்க. காரணம் சொல்ல வேணாம், முக்கியமா பழைய ஓனர் சொன்னதை அவர்கிட்ட சொல்லவே சொல்லாதீங்க, உங்களை நம்பிப் பேசினவரை மாட்டி விட்ட மாதிரி ஆயிடும்.