வினாத்தாள் ஒரே பாடத்தில் குவியாமல் இருக்க

"ஒன்பதாம் வகுப்பு அறிவியலுக்கு 50 மதிப்பெண் தாள் எடுத்தேன். பாதித் தாள் ஒளியியலாகவே வந்துவிட்டது. எங்கே தவறினேன்?"

வினாக்களை முதலில் எழுதிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். அதற்கு முன் கட்டம் போடுங்கள். மொத்தம் 40 பாடவேளை, அதில் ஒளியியலுக்கு 8 என்றால், 8/40 × 50 = 10 மதிப்பெண். இடப்பக்கம் பாடங்கள், மேலே 1, 2, 5 மதிப்பெண் வினாக்கள். ஒளியியலின் 10-ஐ 5+2+2+1 என்று உடைத்து அந்தந்தக் கட்டத்தில் போடுங்கள். எல்லாப் பாடங்களுக்கும் போட்டு, கூட்டல் சரியான பிறகே வினா எழுதுங்கள்.

கணக்கு சரியாக இருந்தும் தாள் சாய்வது பெரும்பாலும் 'ஏழில் ஐந்துக்கு விடையளி' பகுதியில்தான். கூடுதல் இரண்டு வினாக்களும் ஒளியியலிலிருந்து வந்தால், கட்டத்தில் இல்லாத மதிப்பெண் உள்ளே வந்துவிடும். மாணவர் வேறொரு பாடத்தையே விட்டுவிடவும் முடியும். அதனால் 5 மதிப்பெண்ணில் 'அல்லது' மட்டும் கொடுங்கள். இரண்டும் ஒரே பாடம், ஒரே கடினம்: கணக்குக்குக் கணக்கு, படத்துக்குப் படம்.

விடைக்குறிப்பை அப்போதே எழுதிவிடுங்கள். குழியாடிக் கணக்கு, f = −10 செ.மீ, u = −15 செ.மீ. சூத்திரம் 1, குறியோடு பிரதியிடல் 2, v = −30 செ.மீ அலகோடு 1, மெய்யான தலைகீழ் பிம்பம் 1. குறி தவறினால் பிரதியிடலில் மட்டும் ஒரு மதிப்பெண் குறையுங்கள். அதே தவறுக்கு விடையிலும் வெட்டாதீர்கள். இப்படி ஐந்தாகப் பிரிக்கவே வரவில்லை என்றால் அது 5 மதிப்பெண் வினா அல்ல.